துபாய் கவுண்டரிலிருந்து அறந்தாங்கிக் கணக்கு வரை: வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்தை ஸ்விம்லேன் படமாக வரைதல்

ஒரு வேலை தொடங்கி முடியும்வரை நடக்கும் செயல்களை, அவற்றைச் செய்பவர் யார் என்பதை வைத்துப் பிரித்துக் காட்டும் ஓட்டப்படத்துக்கு ஸ்விம்லேன் படம் என்று பெயர். நீச்சல் குளத்தில் கயிறு கட்டிப் பிரித்த தடங்களைப் போலத் தாளைக் கிடைமட்டப் பட்டைகளாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு தடமும் ஒரு நபருக்கோ பிரிவுக்கோ நிறுவனத்துக்கோ உரியது. காலம் இடமிருந்து வலமாக ஓடும். கேரி ரம்லரும் ஆலன் பிரேக்கும் 1990இல் வெளியிட்ட நூலின் வழியாக இம்முறை அலுவலகங்களில் பரவியது. நிறுவனத்தின் அமைப்புப் படத்தில் பெட்டிகளுக்கு நடுவே கிடக்கும் வெற்றிடத்தில்தான் வேலைகள் தவறிப்போகின்றன என்பது அவர்கள் வாதம். வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்புவதைப் பொறுத்தவரை அந்த வாதம் முழுவதும் பொருந்துகிறது. பணம் தாமதமாகும்போதோ காணாமல்போகும்போதோ, சிக்கல் பெரும்பாலும் ஒரு தடத்துக்குள் இருப்பதில்லை. இரு தடங்களுக்கு இடையிலான எல்லையில்தான் இருக்கிறது.

இங்கே எடுத்துக்கொள்ளும் வழக்கு இது. ஒரு தொழிலாளி வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்குத் துபாயில் ஒரு பணமாற்று நிறுவனத்தின் கவுண்டரில் 1,500 திர்ஹம் கட்டுகிறார். புதுக்கோட்டை மாவட்டம் அறந்தாங்கியில் ஒரு வங்கிக் கிளையில் இருக்கும் மனைவியின் சேமிப்புக் கணக்கில் அது ரூபாயாக வரவாக வேண்டும். வளைகுடா நாடுகளின் பணமாற்று நிறுவனங்கள் இந்திய வங்கிகளோடு செய்துகொள்ளும் ‘ரூபாய் டிராயிங் ஏற்பாடு’ என்ற ரிசர்வ் வங்கித் திட்டத்தின் கீழ் இப்பணம் வருகிறது. 2016–17ஆம் ஆண்டுக்கு ரிசர்வ் வங்கி நடத்திய ஆய்வில், இந்தியாவுக்கு வந்த பணத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இந்த ஏற்பாட்டின் வழியாகவே வந்தது என்று தெரிந்தது. ஆகவே ஒரே ஒரு வழியை மட்டும் வரைந்து பழக வேண்டுமானால், வரைய வேண்டியது இதைத்தான்.

தடங்களைப் பிரித்தல்

பேச்சுவழக்கில் இந்தக் கதைக்கு மூன்றே பாத்திரங்கள்: ஏஜென்ட், வங்கி, கணக்கு. மூன்று தடங்களோடு வரைந்தால் படம் அழகாக இருக்கும், ஆனால் பயன்படாது. ‘வங்கி’ என்ற ஒற்றைத் தடத்துக்குள் மூன்று வெவ்வேறு நிறுவனங்களும் ‘ஏஜென்ட்’ என்ற தடத்துக்குள் மூன்று வெவ்வேறு பிரிவுகளும் ஒளிந்திருக்கின்றன. பணம் சிக்கிக்கொள்ளும் இடங்களும் அவற்றோடு சேர்ந்து ஒளிந்துகொள்ளும்.

வணிக நடைமுறைகளை வரைவதற்கான பிபிஎம்என் என்ற குறியீட்டு முறை இங்கே கைகொடுக்கிறது. அதன் இரண்டாம் பதிப்பு 2011இல் வெளியாகி, 2013இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஏற்கப்பட்டது. அது குளம், தடம் என்று இரண்டு அடுக்குகளை வைத்திருக்கிறது. தன் வேலையைத் தானே முடிவுசெய்யும் அமைப்பு ஒவ்வொன்றும் ஒரு குளம். அதற்குள் இருக்கும் பிரிவுகள் தடங்கள். ஒரு செயலுக்குப் பின் அடுத்த செயல் என்று காட்டும் தொடர்கோடு ஒரு குளத்துக்குள் தடம் விட்டுத் தடம் போகலாம். குளத்தின் எல்லையைத் தாண்டக் கூடாது. குளத்துக்குக் குளம் போவது புள்ளிக்கோடாக வரையப்படும் செய்தி மட்டுமே. இந்த விதிக்குப் பின்னால் ஓர் உண்மை இருக்கிறது: ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்தின் வேலையைத் தானே நடத்திக்கொள்ள முடியாது. செய்தி அனுப்பலாம், பதிலுக்குக் காத்திருக்கலாம்.

அந்த விதியைக் கொண்டு பார்த்தால், நம் வழக்கில் மேலிருந்து கீழாக ஏழு குளங்கள் தேறும். முதலில் அனுப்புபவர். அடுத்துப் பணமாற்று நிறுவனம். அதற்குள் கவுண்டர், இணக்கப் பிரிவு, கருவூலப் பிரிவு என்று மூன்று தடங்கள். மூன்றாவது, நியூயார்க்கில் டாலர் கணக்குகளை வைத்திருக்கும் வங்கி. நான்காவது, இந்தியாவில் அந்தப் பணமாற்று நிறுவனத்துக்கு ரூபாய்க் கணக்கு வைத்திருக்கும் வங்கி. அதைக் கூட்டாளி வங்கி என்று அழைப்போம். இதற்குள்ளும் பணப்பட்டுவாடாப் பிரிவு, அந்நியச் செலாவணிப் பிரிவு என்று இரண்டு தடங்கள் வேண்டும். ஐந்தாவது, ரிசர்வ் வங்கியின் நெஃப்ட் அல்லது தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் ஐஎம்பிஎஸ். ஆறாவது, மனைவி கணக்கு வைத்திருக்கும் வங்கி. ஏழாவது, பயனாளியான மனைவி.

ஐந்தாவது குளத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பிரித்து வரையத் தேவையில்லை. வெறும் பட்டையாக விட்டு, உள்ளே போகும் செய்தியையும் வெளியே வரும் செய்தியையும் மட்டும் காட்டினால் போதும். நியூயார்க் வங்கிக்கும் அப்படியே. ஆனால் இவ்விரண்டு பட்டைகளையும் படத்திலிருந்து எடுத்துவிடுவது பிழை. அவை திறந்திருக்கும் நேரமும் மூடியிருக்கும் நேரமும் மற்ற எல்லாத் தடங்களையும் பாதிக்கின்றன.

இரண்டு ஓட்டங்கள்

படம் வரைபவர் முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டிய செய்தி இது: தொழிலாளி கட்டிய திர்ஹம், ரூபாயாக மாறி, அறந்தாங்கிக்குப் பயணம் செய்வதில்லை. மனைவியின் கணக்கில் ஏறப்போகும் ரூபாய் அவர் கவுண்டருக்கு வருவதற்கு முன்பே இந்தியாவில் இருக்கிறது. பணமாற்று நிறுவனம் கூட்டாளி வங்கியில் வைத்திருக்கும் வோஸ்ட்ரோ கணக்கில் அது கிடக்கிறது. அந்தக் கணக்கில் முன்கூட்டியே பணம் நிரப்பி வைத்துவிட்டுத்தான், ‘இன்னாருக்கு இவ்வளவு கொடு’ என்ற கட்டளையைப் பணமாற்று நிறுவனம் அனுப்ப வேண்டும். ரூபாய் டிராயிங் ஏற்பாட்டுக்குள் ‘விரைவுப் பணவிடை’ என்று அழைக்கப்படும் முறையின் அடிப்படை நிபந்தனை இதுதான்.

ஆகவே படத்தில் இரண்டு ஓட்டங்கள் ஒன்றுக்கொன்று இணையாகப் போக வேண்டும். ஒன்று, வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஓடும் கட்டளை ஓட்டம். மற்றொன்று, ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களுக்கும் சேர்த்து மொத்தமாக நடக்கும் நிதி நிரப்பும் ஓட்டம். இவற்றை ஒரே கோட்டில் பிணைத்து வரைவதுதான் இவ்வகைப் படங்களில் மிகப் பரவலான தவறு. அப்படி வரையப்பட்ட படத்தைப் பார்ப்பவர், தொழிலாளியின் 1,500 திர்ஹம் நியூயார்க் போய் வந்துதான் ஊருக்குச் சேருகிறது என்று நினைப்பார். பணம் வரத் தாமதமானால் எங்கே தேடுவது என்பதையும் தவறாகவே முடிவுசெய்வார்.

நிரப்பும் ஓட்டம் பெரும்பாலும் இப்படி நடக்கிறது. கருவூலப் பிரிவு அடுத்த ஓரிரு நாள்களுக்கு எவ்வளவு ரூபாய் தேவைப்படும் என்று கணிக்கிறது. கூட்டாளி வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவோடு டாலருக்கு ரூபாய் விலை பேசி முடிக்கிறது. பேசிய டாலரை, கூட்டாளி வங்கி நியூயார்க்கில் வைத்திருக்கும் கணக்குக்கு அனுப்புகிறது. டாலர் வந்துவிட்டது என்ற உறுதிச் செய்தி கிடைத்ததும், வோஸ்ட்ரோ கணக்கில் ரூபாய் வரவு வைக்கப்படுகிறது. திர்ஹத்திலிருந்து டாலருக்குப் போவதில் பெரிய விலை அபாயம் இல்லை. 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்ற நிலையான விகிதம் அங்கே நடப்பில் இருக்கிறது. டாலரிலிருந்து ரூபாய்க்குப் போகும்போதுதான் விலை ஏறி இறங்குகிறது.

இரண்டு ஓட்டங்களும் ஒரே ஓர் இடத்தில் சந்திக்கின்றன. கூட்டாளி வங்கியின் பணப்பட்டுவாடாத் தடத்தில், ‘வோஸ்ட்ரோ கணக்கில் போதுமான இருப்பு உண்டா?’ என்று கேட்கும் சாய்சதுரமே அந்த இடம். உண்டு என்றால் கட்டளை முன்னே போகும். இல்லை என்றால் வரிசையில் நிற்கும். அந்தச் சாய்சதுரம் இல்லாத படம் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் முழுமையானதாகாது.

இங்கே பிபிஎம்என் முறையின் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். குளங்களுக்கிடையே போகும் எதையும் அது புள்ளிக்கோடாகவே காட்டுகிறது. ‘பணம் கொடு’ என்ற கட்டளையும் உண்மையான கணக்குப் பதிவும் அதில் ஒரே மாதிரி தெரியும். பணப் பரிமாற்றத்துக்கு அது போதாது. கட்டளைக்குப் புள்ளிக்கோடு என்றும், ஒரு ஏட்டில் பற்றெழுதி இன்னொரு ஏட்டில் வரவெழுதுவதற்கு இரட்டைக்கோடு என்றும் தனி வழக்கம் ஒன்றை வைத்துக்கொண்டு, படத்தின் மூலையில் அதற்கான விளக்கத்தை எழுதிவிடுவது நல்லது. புள்ளிக்கோடு போய்ச் சேர்ந்தும் இரட்டைக்கோடு போகாமல் நிற்கும் நேரங்களே இந்தத் தொழிலில் எல்லாத் தகராறுகளுக்கும் பிறப்பிடம்.

வெள்ளிக்கிழமை இரவு கட்டிய 1,500 திர்ஹம்

இனி வழக்கை அதன் வரிசைப்படி வரையலாம். கணக்குக்காக, கவுண்டரில் அன்றைய விலை ஒரு திர்ஹத்துக்கு 22 ரூபாய் 60 காசு என்றும், கட்டணம் 20 திர்ஹம் என்றும் வைத்துக்கொள்வோம். கட்டணத்தின் மீது அந்நாட்டின் மதிப்புக்கூட்டு வரி 5 சதவீதம். அதாவது 1 திர்ஹம். தொழிலாளி கொடுப்பது 1,521 திர்ஹம். ஊரில் வரவாக வேண்டியது 33,900 ரூபாய்.

கவுண்டர் தடத்தில் முதல் பெட்டி, அடையாள அட்டையைச் சரிபார்ப்பது. அடுத்தது பயனாளியின் பெயர், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி ஆகியவற்றைப் பதிவது. அனுப்பும் காரணமும் பதிவாக வேண்டும். குடும்பப் பராமரிப்புக்கும் சேமிப்புக்கும் வரும் பணத்துக்கு இந்தியப் பக்கத்தில் P1301 என்ற நோக்கக் குறியீடு உண்டு. பிறகு பணம் வாங்கி ரசீது தரப்படுகிறது.

ரசீது கொடுக்கும் பெட்டியில் படம் வரைபவர் சற்று நிற்க வேண்டும். அந்தக் கணத்தில் ஒரு கடன் பிறக்கிறது. தொழிலாளியின் கையில் இனிப் பணம் இல்லை. 33,900 ரூபாயைக் குறிப்பிட்ட கணக்கில் சேர்ப்பதாகப் பணமாற்று நிறுவனம் கொடுத்த வாக்குறுதி மட்டுமே இருக்கிறது. இதைக் காட்ட, ஒவ்வொரு பெட்டிக்கும் மேலே ‘இப்போது யார் கடன்பட்டவர்?’ என்று சிறிய குறிப்பு எழுதிக்கொண்டு போகலாம். 33,900 ரூபாய்க்கான கடன் பணமாற்று நிறுவனத்தில் தொடங்குகிறது. வோஸ்ட்ரோ கணக்கில் பற்றெழுதியதும் அது கூட்டாளி வங்கியின் இடைக்காலக் கணக்குக்கு நகர்கிறது. நெஃப்ட் தொகுப்பு தீர்ந்ததும் பயனாளியின் வங்கிக்கு வருகிறது. கடைசியில் மனைவியின் வைப்பாக மாறுகிறது. அப்போதும் அது அந்த வங்கி அவருக்குத் தர வேண்டிய கடன்தான். ஆனால் அவர் கேட்டவுடன் கிடைக்கும்.

இந்தக் குறிப்பு வெறும் கோட்பாடு அல்ல. 2020 மார்ச்சில் ஐக்கிய அரபு அமீரகத்தின் பெரிய பணமாற்று நிறுவனங்களில் ஒன்றான யூஏஇ எக்ஸ்சேஞ்ச் புதிய பரிவர்த்தனைகளை நிறுத்தியது; அந்நாட்டு மத்திய வங்கி அதைத் தன் மேற்பார்வையில் எடுத்துக்கொண்டது. இப்படி ஒரு நிறுவனம் நின்றுபோகும்போது, ஏற்கெனவே கட்டிய பணம் எந்தக் குறிப்பின் கீழ் இருக்கிறது என்பதுதான் அனுப்பியவரின் நிலையைத் தீர்மானிக்கும். இரட்டைக்கோடு கூட்டாளி வங்கியைத் தாண்டியிருந்தால் ஒரு நிலை. தாண்டாமல் ரசீதோடு நின்றிருந்தால் வேறு நிலை.

ரசீதுக்குப் பின் கோடு இணக்கப் பிரிவுத் தடத்துக்கு இறங்குகிறது. அனுப்புபவர், பயனாளி இருவரின் பெயர்களும் ஐநா பாதுகாப்புச் சபையின் தடைப்பட்டியலோடும் அந்நாட்டின் உள்நாட்டுப் பட்டியலோடும் ஒப்பிடப்படுகின்றன. பெயர் ஒத்துப்போனால் கட்டளை நிறுத்திவைக்கப்படும். பரவலான பெயர்களைக் கொண்டவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. பிறந்த தேதியையும் அடையாள எண்ணையும் வைத்து, அந்த ஆள் இவரல்ல என்று ஓர் அலுவலர் உறுதிசெய்து விடுவிக்க வேண்டும். இதே ஒப்பீடு கூட்டாளி வங்கியிலும் இன்னொரு முறை நடக்கிறது. படத்தில் இரண்டு சாய்சதுரங்களையும் தனித்தனியே போட வேண்டும். முதலாவதில் நின்றால் துபாய் கவுண்டரில் கேட்டாலே தெரியும். இரண்டாவதில் நின்றால், ‘நாங்கள் அனுப்பிவிட்டோம்’ என்றே துபாய் சொல்லும். அந்தப் பதில் பொய்யல்ல. புள்ளிக்கோடு உண்மையிலேயே போய்விட்டது.

அடுத்து, கட்டளை கூட்டாளி வங்கிக்குப் போகிறது. சில நிறுவனங்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கோப்பாகச் சேர்த்து அனுப்புகின்றன. சில ஒவ்வொன்றையும் உடனுக்குடன் அனுப்புகின்றன. வங்கித் தடத்தில் வோஸ்ட்ரோ இருப்பைக் கேட்கும் சாய்சதுரம் இப்போது வருகிறது. இங்குதான் வெள்ளிக்கிழமை இரவு என்பது முக்கியமாகிறது. துபாயில் இரவு 8 மணி என்றால் இந்தியாவில் 9.30. மும்பையில் செலாவணிச் சந்தை மூடிவிட்டது. திங்கட்கிழமை காலையில்தான் திறக்கும். சனியும் ஞாயிறும் நியூயார்க்கிலும் விடுமுறை. ஆனால் கவுண்டர்கள் மூன்று நாளும் திறந்திருக்கும், கூட்டமும் அப்போதுதான் அதிகம். ஆகவே கருவூலப் பிரிவு மூன்று இரவுகளுக்கும் வேண்டிய ரூபாயை வெள்ளிக்கிழமை மாலைக்குள் நிரப்பியிருக்க வேண்டும். கணிப்பு குறைந்தால் ஞாயிறு மாலை வோஸ்ட்ரோ கணக்கு வற்றும். அதன்பின் வரும் கட்டளைகள் எவ்விதப் பிழையும் இல்லாமலேயே திங்கள் காலைவரை வரிசையில் நிற்கும்.

இதைப் படத்தில் காட்ட எளிய வழி, அடியில் ஒரு கால அளவுகோலைப் போட்டு, ஒவ்வொரு குளமும் இயங்காத நேரத்தைச் சாம்பல் நிறத்தில் நிரப்புவது. 2019 டிசம்பர் 16க்கு முன்பு வரைந்திருந்தால் நெஃப்ட் பட்டையிலும் இரவுகளும் விடுமுறைகளும் சாம்பலாக இருந்திருக்கும். அன்றிலிருந்து நெஃப்ட் நாள் முழுவதும், ஆண்டின் எல்லா நாளும், அரை மணிக்கு ஒரு தொகுப்பாக நாளொன்றுக்கு 48 தொகுப்புகள் இயங்குகிறது. இன்றைய படத்தில் சாம்பல் நிறம் செலாவணிச் சந்தையிலும் நியூயார்க்கிலும் மட்டுமே மிச்சம். வார இறுதித் தாமதத்துக்கு எந்த வங்கிக் கிளையும் காரணமில்லை, நிரப்பும் ஓட்டமே காரணம் என்பதை இந்த நிழல்களே பார்ப்பவருக்குக் காட்டிவிடும்.

நம் வழக்கில் இருப்பு உண்டு என்றே கொள்வோம். வோஸ்ட்ரோவில் 33,900 ரூபாய் பற்றெழுதப்படுகிறது. இனி மூன்று வழிகள் பிரிகின்றன. பயனாளியின் கணக்கும் கூட்டாளி வங்கியிலேயே இருந்தால், உள்கணக்கு மாற்றமாக முடிந்துவிடும். ஐந்தாவது குளத்துக்கே வேலையில்லை. வேறு வங்கியாக இருந்து, தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் ஐஎம்பிஎஸ் வழியில் உடனடியாக அனுப்பலாம். இல்லையெனில் நெஃப்ட். எந்த வழியில் போவது என்பதைக் கூட்டாளி வங்கியின் அமைப்பே பெரும்பாலும் முடிவுசெய்கிறது. ஆனால் கவுண்டரில் நிற்பவர், அதைத் தான் தேர்ந்தெடுத்த நிறுவனத்தின் வேகம் என்றே எண்ணுகிறார். ஒரே நிறுவனத்தில் கட்டிய இருவரில் ஒருவர் பணம் ஒரு நிமிடத்திலும் மற்றவர் பணம் ஒரு மணி நேரத்திலும் சேர்வதற்கு இந்தச் சாய்சதுரமே விளக்கம்.

இந்த ஒரு பரிமாற்றத்தில் பணமாற்று நிறுவனத்துக்கு மிஞ்சுவதையும் படத்தின் ஓரத்தில் குறித்துவைக்கலாம். நிரப்பும் ஓட்டத்தில் அது டாலருக்கு 83 ரூபாய் 20 காசு வாங்கியிருந்தால், 1,500 திர்ஹத்துக்கு இணையான 408.44 டாலர் 33,982 ரூபாய் ஆகியிருக்கும். மனைவிக்குப் போவது 33,900. விலை வேறுபாட்டில் ஏறத்தாழ 82 ரூபாய், அதோடு 20 திர்ஹம் கட்டணம். கட்டணம் கவுண்டர் தடத்தில் கண்ணுக்குத் தெரிகிறது. விலை வேறுபாடு கருவூலத் தடத்தில் இருப்பதால் ரசீதில் தெரிவதில்லை. இரண்டையும் ஒரே படத்தில் வைத்தால்தான் அனுப்பும் செலவு முழுதாகத் தெரியும்.

திரும்பி வரும் கோடுகள்

வெற்றிகரமான வழியை மட்டும் வரைந்த படத்துக்கு அலுவலகச் சுவரில் இடம் கிடைக்கும். புகார் மேசையில் அது உதவாது. தவறும் வழிகளில் மூன்றை விரித்து வரைய வேண்டும், மூன்றும் ஒன்றுபோல் நடப்பதில்லை.

முதல் வகையில் பணம் திரும்பி வருகிறது. கணக்கு மூடப்பட்டிருக்கலாம், அல்லது ஐஎஃப்எஸ்சி பழையதாக இருக்கலாம். சிண்டிகேட் வங்கி 2020 ஏப்ரலில் கனரா வங்கியோடு இணைந்தபின், SYNB என்று தொடங்கிய அதன் கிளைக் குறியீடுகள் 2021 ஜூலை 1 முதல் செல்லாமல்போய், CNRB என்று தொடங்கும் குறியீடுகள் வந்தன. வளைகுடாவில் பல ஆண்டுகளுக்கு முன் பதிந்து வைத்த பயனாளி விவரத்தையே மாதாமாதம் பயன்படுத்துபவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு.

நெஃப்ட் விதிப்படி, கணக்கில் வரவு வைக்க முடியாத பணத்தைப் பயனாளியின் வங்கி தொகுப்பு தீர்ந்த இரண்டு மணி நேரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். திரும்புவதற்கான செய்தி N07. வரவாகிவிட்டது என்று உறுதிசெய்யும் செய்தி N10. படத்தில் N07 கோடு எங்கே போய் முடிகிறது என்பதைக் கவனமாக வரைய வேண்டும். அது தொழிலாளியிடம் போவதில்லை. கூட்டாளி வங்கியில் உள்ள வோஸ்ட்ரோ கணக்கில் முடிகிறது. அங்கிருந்து பணமாற்று நிறுவனத்துக்கு ஒரு செய்தி போக வேண்டும். நிறுவனம் தொழிலாளியை அழைக்க வேண்டும். முதல் பகுதிக்குக் கெடு இருக்கிறது, தவறினால் தண்ட வட்டியும் இருக்கிறது. பின்பகுதிக்கு அந்த நெஃப்ட் கெடு பொருந்தாது. இரண்டு மணி நேரத்தில் திரும்பிய பணம் பல நாள் யாரும் கேட்காமல் வோஸ்ட்ரோவில் கிடப்பது இந்த இடத்தில்தான்.

தொழிலாளிக்குத் தகவல் வந்தபின் ஒரு தேர்வு. விவரத்தைத் திருத்தி மறுபடி அனுப்பினால் 33,900 ரூபாயும் அப்படியே போகும். ரத்து செய்து திர்ஹமாகத் திரும்பக் கேட்டால், நிறுவனம் ரூபாயைத் திரும்ப வாங்கும் விலையில் கணக்கிடும். அது ஒரு திர்ஹத்துக்கு 23 ரூபாய் 10 காசு என்றால் கைக்கு வருவது 1,467 திர்ஹம் 53 ஃபில்ஸ். கட்டணமும் திரும்பாது என்றால் இழப்பு மொத்தம் 53 திர்ஹத்தைத் தாண்டும். ரத்து, திருத்தம் இரண்டும் ஒரே சாய்சதுரத்தின் இரு கிளைகள் என்று படத்தில் தெரிந்தால், கவுண்டரில் இருப்பவர் எதை முதலில் சொல்ல வேண்டும் என்பதும் தெரியும்.

இரண்டாம் வகையில் பணம் திரும்புவதே இல்லை. கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறி, அந்த எண்ணில் வேறொருவர் கணக்கு இருந்துவிடுகிறது. இந்தியாவில் மின்னணு முறையில் வரும் பணத்தைக் கணக்கு எண்ணை மட்டும் வைத்து வரவு வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2010இல் தெளிவுபடுத்தியது. பெயர் பொருந்துகிறதா என்று வங்கி பார்த்தாக வேண்டியதில்லை. ஆகவே எல்லாத் தடங்களும் வெற்றி என்றே காட்டும். N10 வந்திருக்கும். மனைவி மட்டும் வரவில்லை என்பார். இந்த முரண்பாடே அடையாளம்: படத்தின் முடிவுப் புள்ளி பச்சையாக இருந்தும் பயனாளி தடத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்றால், தேட வேண்டிய இடம் வங்கியின் இயக்கம் அல்ல, கவுண்டரில் பதிந்த எண். இதற்குத் திரும்பும் கோடு எதுவும் தானாக ஓடாது. தவறாகப் பெற்றவரின் சம்மதத்தைக் கேட்டு அவருடைய வங்கி மூலம் மீட்கும் நீண்ட வழியைத் தனியே வரைய வேண்டும். உள்நாட்டில் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் வழியாக அனுப்புபவர்களுக்குப் பயனாளியின் பெயரைப் பார்த்துச் சரிபார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு ஆணையிட்டது. துபாய் கவுண்டரிலும் அதற்கு இணையான ஒரு பெட்டி இருந்தால் அதன் இடம் ரசீதுக்கு முன்னால்தான். ரசீதுக்குப் பின் வைத்தால் பயனில்லை.

மூன்றாவது வகை மிகச் சிக்கலானது: ஐஎம்பிஎஸ் வழியில் அனுப்பிப் பதிலே வராமல்போவது. பயனாளியின் வங்கி வரவு வைத்துவிட்டு, பதில் செய்தி வழியில் தவறியிருக்கலாம். வரவே வைக்காமலும் இருக்கலாம். கூட்டாளி வங்கிக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். படம் வரைபவர்கள் வழக்கமாக இங்கே ‘வெற்றி’, ‘தோல்வி’ என்று இரண்டே கிளைகள் போடுகிறார்கள். பதில் வராததைத் தோல்வியின் கீழ் சேர்த்துவிடுவதால், அதிலிருந்து ‘மறுபடி அனுப்பு’ என்ற கோடு கிளம்புகிறது. அந்தக் கோட்டைப் பின்பற்றினால் சில வேளைகளில் மனைவியின் கணக்கில் 67,800 ரூபாய் ஏறும். மூன்றாவது கிளை ஒன்று வேண்டும்: ‘நிலை தெரியவில்லை’. அதிலிருந்து போகும் கோடு மறுபடி அனுப்பும் பெட்டிக்குப் போகாது. நிலையைக் கேட்கும் பெட்டிக்குப் போகும். அங்கும் பதில் இல்லையென்றால், அன்றைய கணக்கு ஒத்துப்பார்க்கும் வேலை முடியும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை பணம் கூட்டாளி வங்கியின் இடைக்காலக் கணக்கில் நிற்பதாக, கடன்பட்டவர் குறிப்பும் அங்கேயே நிற்க வேண்டும்.

எல்லைகளைச் சோதித்தல்

வரைந்து முடித்த படம் சரியா என்று பார்க்க, அதை விளக்கிச் சொன்னவர்களிடமே காட்டிக் கேட்பது போதாது. ஒவ்வொருவரும் தன் தடத்தைத்தான் அறிவார். உண்மையில் நடந்து முடிந்த ஒரு பரிமாற்றத்தை எடுத்து, குளத்தின் எல்லையைக் கோடு தாண்டும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு குறிப்பெண்ணை எழுதிக்கொண்டு போவது நல்ல சோதனை. எல்லைக்கு இருபுறமும் பதிவாகியிருக்கும் எண் ஒன்று ஒவ்வொரு தாண்டலுக்கும் கிடைக்க வேண்டும். கவுண்டர் ரசீதின் எண் பணமாற்று நிறுவனத்துக்குள் மட்டுமே பொருள் தரும். நிறுவனம் கோப்பில் அனுப்பும் பரிவர்த்தனை எண்ணைக் கூட்டாளி வங்கியும் பதிந்துவைக்கும். அங்கிருந்து நெஃப்டில் போனால் 16 எழுத்துகள் கொண்ட யூடிஆர் எண்ணும், ஐஎம்பிஎஸ் என்றால் 12 இலக்க ஆர்ஆர்என் எண்ணும் உருவாகும். அந்த எண்ணை வைத்துத்தான் பயனாளியின் வங்கி பணத்தைத் தேட முடியும்.

இப்படி எண்களை அடுக்கும்போது ஓர் இடைவெளி வெளிப்படும். அறந்தாங்கிக் கிளையில் போய் மனைவி நிற்கும்போது, அவர் கைபேசியில் இருப்பது கணவர் அனுப்பிய ரசீதின் படம். அதில் இருக்கும் எண்ணை வைத்துக் கிளை அலுவலர் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அவருக்குத் தேவையான யூடிஆர் எண் கூட்டாளி வங்கியில் பிறந்தது. பணமாற்று நிறுவனத்துக்குத் திரும்பியிருந்தாலும் கவுண்டர் வரை வந்திருக்காது. ‘எங்களுக்கு எதுவும் வரவில்லை’ என்று கிளையும், ‘அனுப்பியாகிவிட்டது’ என்று கவுண்டரும் சொல்லிக்கொண்டிருக்கும் நிலை பெரும்பாலும் இதனால்தான். படத்தில் இதற்கான திருத்தம் ஒரே ஒரு புள்ளிக்கோடு: கூட்டாளி வங்கியிலிருந்து பணமாற்று நிறுவனம் வழியாக அனுப்புபவரின் தடத்துக்கு, யூடிஆர் எண்ணைச் சுமந்து திரும்பும் கோடு. நடைமுறையில் அது ஒரு குறுஞ்செய்தி.

வழி மாறினால் குளங்களும் மாறும். பணத்தை ரொக்கமாக வாங்கிக்கொள்ளும் ‘பணப் பரிமாற்றச் சேவைத் திட்டம்’ வேறு படம் கேட்கும். அதில் வெளிநாட்டு முதன்மை நிறுவனம், இந்திய முகவர், துணை முகவர் என்று குளங்கள் அமையும். வோஸ்ட்ரோ இருப்பைக் கேட்கும் சாய்சதுரத்தின் இடத்தில், ஒரு பணவிடைக்கு 2,500 டாலர், ஒரு பயனாளிக்கு ஆண்டுக்கு 30 முறை என்ற வரம்புகளைப் பார்க்கும் சாய்சதுரங்கள் வரும். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது என்பதால், ஒரு கிளை மறுபடியும் வங்கிக் கணக்கை நோக்கித் திரும்பும். வங்கியிலிருந்து நேரடியாக வங்கிக்கு அனுப்பும் ஸ்விஃப்ட் வழியில் பணமாற்று நிறுவனமே இருக்காது. ஒவ்வொரு வாடிக்கையாளரின் கட்டளையும் இடைவங்கிகள் வழியே தனித்தனியாகப் போகும். வழியில் கட்டணம் பிடிக்கும் பெட்டி ஒன்றோ இரண்டோ சேரும். இம்மூன்றையும் ஒரே தாளில் திணிக்காமல் மூன்று தாள்களில் வரைந்து, பயனாளியின் வங்கி என்ற குளத்தை மட்டும் மூன்றிலும் ஒரே உயரத்தில் வைத்தால், எந்த வழியில் வந்த பணத்தையும் கிளை அலுவலர் தன் தடத்திலிருந்து பின்னோக்கிப் படித்துக்கொண்டு போகலாம்.